மூன்று திருத்தம் என்றால் எத்தனை?

டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் வீட்டிலிருந்தே டிசைன் வேலை செய்கிறாள் என் சித்தப்பா மகள். அவளுடைய ரேட் கார்டு ஒரே பக்கம். மேலே அழகான எழுத்தில் பெயர், கீழே சில வரிகள். கார்டு ஆங்கிலத்தில் இருப்பது. இங்கே தமிழில் தருகிறேன்.

பிரோஷர் டிசைன்: 4,800 ராண்ட்
3 திருத்தங்கள் இலவசம்
5 நாட்களில் முடித்துத் தரப்படும்
50% டெபாசிட், மீதி வேலை முடிந்ததும்
தாமதமானால் 10% கூடுதல்

ஃப்ளையர், லோகோ, பேனர் என்று வேறு விலைகளும் இருந்தன. இந்த ஐந்து வரிகள்தான் சிக்கல். இவற்றில் ஒன்றுகூடப் பொய் இல்லை. ஆனால் ஒவ்வொன்றையும் வைத்து நேர்மையான இரண்டு பேர் இரண்டு விதமாகக் கணக்குப் போட முடியும். 2025 ஏப்ரலில் ஒரு கோயில் கமிட்டியும் அவளும் அப்படித்தான் போட்டார்கள். ஆண்டு விழாவுக்கு ஒரு பிரோஷர். வேலை முடிந்தது, விழாவும் நன்றாக நடந்தது. ஆனால் அவளுக்குக் கிடைத்த பணம் உழைப்புக்குப் பாதிகூட இல்லை. கமிட்டிக்காரர்களும் தங்களை ஏமாற்றிவிட்டதாக நினைத்தார்கள். இரண்டு பக்கமும் கார்டைக் காட்டித்தான் பேசினார்கள். அதற்கு அப்புறம்தான் அவள் என்னிடம், "அக்கா, இதைக் கொஞ்சம் எடிட் பண்ணித் தருவீங்களா?" என்று கேட்டாள்.

மொழித்திருத்தம் என் தொழில். ஒரு அறிக்கையைத் திருத்தும்போது வாசகர் எங்கே தடுக்கி விழுவார் என்று பார்ப்போம். ரேட் கார்டில் பார்க்க வேண்டியது வேறு. எண் வரும் இடத்திலெல்லாம் நின்று மூன்று கேள்வி கேட்க வேண்டும். எதை எண்ணுகிறோம்? எந்த நொடியிலிருந்து எண்ணுகிறோம்? முடிந்தது என்று யார் சொல்ல வேண்டும்? இந்த மூன்றுக்கும் கார்டிலேயே பதில் இல்லையென்றால் அந்த எண் இருந்தும் பயனில்லை. ஒப்பந்தத்தில் பொருள் தெளிவில்லாத வரியை, அதை எழுதியவருக்குப் பாதகமாகவே பொருள் கொள்ளும் வழக்கம் தென்னாப்பிரிக்கச் சட்டத்திலும் உண்டு. கார்டை எழுதியது அவள். ஆகவே குழப்பத்தின் செலவும் பெரும்பாலும் அவள் தலையில்தான்.

பிரோஷர் என்றால் எது

முதல் வரியிலேயே தொடங்கினோம். கமிட்டியின் பிரோஷர் ஏ5 அளவில் 16 பக்கம் என்று பேச்சு. கமிட்டிச் செயலாளர் மனத்தில் இருந்தது 16 தாள். நடுவில் பின் அடிக்கும் சிறு புத்தகத்தில் ஒரு ஏ4 தாளை மடித்தால் ஏ5 பக்கம் நான்கு கிடைக்கும். அதனால் பக்க எண்ணிக்கை எப்போதும் நான்கின் மடங்காகவே போகும். 17 பக்கம் என்று ஒன்று கிடையாது. இது டிசைனருக்கும் அச்சகத்துக்கும் தெரியும், கிளையன்டுக்குத் தெரிய வேண்டிய அவசியம் இல்லை. கார்டுதான் சொல்ல வேண்டும்.

இப்போது அந்த வரி இப்படி இருக்கிறது: "ஏ5 பிரோஷர், அட்டையையும் சேர்த்து 16 பக்கம் வரை, 4,800 ராண்ட். அதற்கு மேல் ஒவ்வொரு 4 பக்கத்துக்கும் 900 ராண்ட்." மடித்த தாளின் ஒவ்வொரு முகமும் ஒரு பக்கம் என்று சிறிய குறிப்பும் உண்டு.

பக்கத்தைச் சரிசெய்வது எளிது. உள்ளே என்ன வரும் என்பதுதான் கடினம். கமிட்டி கொடுத்த தமிழ்ப் பகுதிகளில் பாதி, பழைய ஃபான்ட் ஒன்றில் எப்போதோ தட்டச்சு செய்தவை. அவளுடைய கணினியில் திறந்தால் எழுத்துக்குப் பதில் ஆங்கிலக் குப்பையாக வந்தது. மீதி, கையால் எழுதிய தாளைப் போனில் பிடித்த படங்கள். யூனிகோடுக்கு மாற்றியதும், தேவாரப் பாடலைப் பார்த்துத் தட்டச்சு செய்ததும், பிழை பார்த்ததும் எல்லாம் அவள்தான். இது எதுவும் டிசைன் இல்லை. ஆனால் "பிரோஷர் 4,800" என்ற வரியைப் படிப்பவருக்கு, முடிந்த பிரோஷருக்கு 4,800 என்றுதான் தோன்றும். அவர் மேல் தவறில்லை.

விலைக்குள் என்ன இருக்கிறது என்று எழுதுவதோடு என்ன இல்லை என்றும் எழுத வேண்டும். இல்லாதவற்றின் பட்டியல் நீளக்கூடாது, நீண்டால் யாரும் படிக்க மாட்டார்கள். எந்த வேலை தானாகவே உள்ளே வந்து ஒட்டிக்கொள்ளுமோ அதை மட்டும் எழுதினால் போதும். அவளுக்கு அவை ஐந்து: தட்டச்சு, மொழிபெயர்ப்பு, பிழைதிருத்தம், விளம்பரதாரர்களுக்கான விளம்பர வடிவமைப்பு, அச்சுச் செலவு. முதல் நான்குக்கும் பக்கத்திலேயே விலை போட்டோம். விலை போடாமல் "சேராது" என்று மட்டும் எழுதினால் அது முகத்தில் கதவைச் சாத்துவது போல இருக்கிறது. விலை இருந்தால், வேண்டுமென்றால் வாங்கிக்கொள்ளலாம்.

திருத்தத்தை எப்படி எண்ணுவது

இங்கேதான் அவளுடைய பணம் போனது. அதனால் இங்கே அதிக நேரம் செலவிட்டோம்.

நடந்ததைச் சொல்கிறேன். கமிட்டி சரிபார்க்க அனுப்பும் நகலான முதல் ப்ரூஃப் போனதும் செயலாளர் பதினொரு விஷயங்களை ஒரே மின்னஞ்சலில் அனுப்பினார். அன்று மாலையே தலைவர் ஒரு வாய்ஸ் நோட்டில் அட்டை நிறம் பிடிக்கவில்லை என்றார். மறுநாள் பொருளாளர் ஆன்ட்டி, நன்கொடையாளர் ஒருவரின் போன் எண் தப்பு என்று வாட்ஸ்அப்பில் எழுதினார். அதற்குள் இரண்டு புதிய விளம்பரங்கள் வந்தன. அடுத்த ப்ரூஃபில் நிறத்தை மாற்றினாள். செயலாளருக்குப் பழைய நிறம்தான் பிடித்திருந்தது.

இதில் எத்தனை திருத்தம்? பட்டியலில் உள்ள ஒவ்வொன்றையும் எண்ணினால் முதல் மின்னஞ்சலிலேயே மூன்று தாண்டிவிட்டது. செய்திகளை எண்ணினால் முதல் இரண்டு நாளில் மூன்று முடிந்துவிட்டது. ப்ரூஃபை எண்ணினால் இன்னும் ஒன்றுதான் ஆகியிருக்கிறது. அவள் செய்திகளை எண்ணினாள், கமிட்டி ப்ரூஃபை எண்ணியது. இரண்டுமே கார்டில் இருந்த சொல்லுக்குப் பொருந்துகிற கணக்குத்தான்.

திருத்தம் என்ற சொல்லை அப்படியே விட்டு, எண்ணுவதைச் சுற்றுக்கு மாற்றினோம். ஒரு சுற்று என்றால் ஒரு ப்ரூஃபைப் பார்த்து, ஒருவர், ஒரே பட்டியலாக, எழுத்தில் அனுப்புவது. பட்டியலில் ஒன்று இருந்தாலும் நாற்பது இருந்தாலும் ஒரே சுற்று. அந்த ஒருவர் யார் என்பதை வேலை தொடங்கும் முன்பே கிளையன்ட் பெயர் சொல்லிவிட வேண்டும். மற்றவர்கள் என்ன சொன்னாலும் அவர் வழியாக வந்தால்தான் கணக்கு. தலைவருக்கும் செயலாளருக்கும் நிறத்தில் கருத்து வேறுபாடு என்றால் அதை அவர்களே பேசி முடித்துவிட்டு அனுப்ப வேண்டும். இந்த ஒரு வரி இல்லாமல் கமிட்டி வேலையை யாரும் எடுக்கக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. கோயில், பள்ளி, சங்கம், எங்கே கமிட்டி இருந்தாலும் இதுதான் நிலை.

வாய்ஸ் நோட்டைத் தவிர்க்கச் சொன்னதற்கும் காரணம் உண்டு. அதில் தேட முடியாது, எண்ண முடியாது, மூன்று வாரம் கழித்து யார் என்ன சொன்னார் என்று நிரூபிப்பதும் சிரமம். "பட்டியல் எழுத்தில்" என்று கார்டில் இருந்தால் அவள் யாரிடமும் முகம் சுளிக்க வேண்டியதில்லை. "அங்கிள், இதை எழுதி அனுப்பிடுங்க, அப்பத்தான் ஒண்ணும் விட்டுப்போகாது" என்றால் போதும்.

அடுத்தது, எல்லா மாற்றமும் ஒரே வகை இல்லை. போன் எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். கமிட்டி கொடுத்த உரையில் சரியாக இருந்து, அவள் தட்டும்போது தப்பாகியிருந்தால் அது அவளுடைய பிழை. எந்தச் சுற்றிலும் சேராது, எப்போது கண்டுபிடித்தாலும் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும். கமிட்டி கொடுத்த உரையிலேயே தப்பாக இருந்திருந்தால் அது திருத்தம், சுற்றில் சேரும். அந்த நன்கொடையாளருக்கு இன்னொரு அரைப் பக்கம் வேண்டும் என்றால் அது திருத்தமே இல்லை, புதிய வேலை. தனி விலை சொல்லி, ஒப்புக்கொண்ட பிறகுதான் தொடங்க வேண்டும்.

மூன்றையும் பிரிக்க ஓர் அளவுகோல் வேண்டும். கிளையன்ட் கடைசியாக, "இதுதான் இறுதி" என்று அனுப்பிய உரைக்கோப்புதான் அந்த அளவுகோல். ப்ரூஃபில் உள்ளது அந்தக் கோப்போடு ஒத்துப்போகவில்லை என்றால் அவள் பிழை. ஒத்துப்போகிறது, ஆனால் கிளையன்டுக்கு இப்போது வேறு வேண்டும் என்றால் திருத்தம். கோப்பில் இல்லவே இல்லாத ஒன்று என்றால் புதிய வேலை. இதை எழுதிய பிறகு, இறுதி உரை கைக்கு வராமல் டிசைனைத் தொடங்குவதையும் அவள் விட்டுவிட்டாள், ஏனென்றால் அளவுகோலே இல்லாமல் போய்விடும்.

வடிவத்துக்கு இதே அளவுகோல் பொருந்தாது. நிறம், எழுத்து, அமைப்பு எல்லாம் ரசனை சார்ந்தவை. அதற்காக முதல் ப்ரூஃபுக்கு முன்னால் ஒரு படி சேர்த்தோம். அட்டையும் உள்ளே இரண்டு பக்கமும் மட்டும் மாதிரியாகப் போகும். அதை ஒப்புக்கொண்ட பிறகுதான் மீதிப் பக்கங்கள். ஒப்புக்கொண்ட மாதிரியின் நிறத்தையோ அமைப்பையோ பிறகு மாற்றச் சொன்னால் அது புதிய வேலை. பதினாறு பக்கத்தில் நிறம் மாற்றுவதும் மூன்று பக்கத்தில் மாற்றுவதும் ஒன்றல்ல என்று எல்லோருக்கும் புரியும். முன்கூட்டியே சொல்லியிருந்தால் போதும்.

மூன்று சுற்று முடிந்த பின்? பழைய கார்டு இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. "3 இலவசம்" என்று மட்டும் இருந்தால் நான்காவதற்கு என்ன விலை என்பது பேரம் ஆகிவிடும், அதுவும் அச்சகத்துக்குப் போகும் முந்தின நாளில். இப்போது "மூன்று சுற்று விலைக்குள் அடக்கம். அதற்கு மேல் ஒவ்வொரு சுற்றுக்கும் 600 ராண்ட்" என்று இருக்கிறது. இலவசம் என்ற சொல்லை நான் வேண்டுமென்றே எடுத்துவிட்டேன். அந்த உழைப்பு 4,800-க்குள் இருக்கிறது, அதை இலவசம் என்று சொன்னால் அடுத்ததும் இலவசமாகவே எதிர்பார்க்கப்படும்.

கிளையன்ட் பதிலே சொல்லாமல் போய்விடும் நிலையும் உண்டு. பல கார்டுகளில் "5 நாட்களில் பதில் வராவிட்டால் ஒப்புக்கொண்டதாகக் கருதப்படும்" என்று இருக்கும். அச்சுக்குப் போகும் வேலையில் இது எனக்குப் பிடிக்காத வரி. யாரும் பார்க்காத ஒன்றை ஒப்புக்கொண்டதாக வைத்து அச்சடித்து, அதில் தப்பு இருந்தால், கார்டில் எழுதியிருக்கிறது என்று சொல்லி அந்த உறவைக் காப்பாற்ற முடியாது. அதற்குப் பதில், 10 வேலை நாள் பதில் இல்லையென்றால் வேலை நிறுத்தி வைக்கப்படும், அதுவரை செய்ததற்கு இன்வாய்ஸ் போகும், மீண்டும் தொடங்கும்போது புதிய தேதி தரப்படும் என்று எழுதினோம். அவளுக்கு வேண்டியது பணமும் விடுபட்ட நேரமும். ஒப்புதல் பார்த்தவரிடமிருந்துதான் வர வேண்டும்.

ஐந்து நாள் எங்கே தொடங்குகிறது

தென்னாப்பிரிக்காவில் ஏப்ரல் மாதம் ஒரு ரேட் கார்டுக்கு நல்ல சோதனை. 2025-ஐ எடுத்துக்கொள்வோம். கமிட்டி எல்லாவற்றையும் கொடுத்தது ஏப்ரல் 17, வியாழன். விழா மே 10, சனி. "5 நாள்" என்று கார்டில் பார்த்ததும் செவ்வாய்க்கிழமை, 22-ஆம் தேதி கையில் வந்துவிடும் என்று அவர்கள் நினைத்தார்கள்.

18-ஆம் தேதி புனித வெள்ளி. இங்கே தமிழர்களில் பலருக்கு அது மாரியம்மன் நாளும்கூட. இசிபிங்கோ கோயிலிலும் மவுண்ட் எட்ஜ்கோம்பிலும் ஈஸ்டர் வாரம் கூட்டம் நெரியும். 21 திங்கள், குடும்ப நாள் விடுமுறை. 22 முதல் 25 வரை நான்கு வேலை நாள். ஏப்ரல் 27 விடுதலை நாள் அந்த ஆண்டு ஞாயிறில் வந்தது. பொது விடுமுறை ஞாயிறில் வந்தால் திங்களும் விடுமுறை என்பது இங்கே சட்டம், எனவே 28-உம் போனது. ஐந்தாவது வேலை நாள் ஏப்ரல் 29. அதுவும் முதல் ப்ரூஃப் வரும் நாள்தான், முடிந்த பிரோஷர் வரும் நாள் இல்லை.

இனி தொடர்ந்து போடுவோம். ப்ரூஃபைப் பார்த்துவிட்டுச் செயலாளர் 30-ஆம் தேதி மாலை ஐந்து மணிக்குப் பட்டியல் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். மே 1 விடுமுறை. மாலை மூன்றுக்கு மேல் வந்தது அடுத்த வேலை நாளில் வந்ததாகக் கொண்டால், மே 2 வெள்ளியில் கிடைத்தது. ஒரு சுற்றுக்கு இரண்டு வேலை நாள் என்றால் மே 6 செவ்வாய். அச்சகத்துக்கு ஐந்து வேலை நாள் என்றால் மே 13. விழாவோ 10-ஆம் தேதி. ஒரே ஒரு சுற்றோடு முடிந்திருந்தாலும் இந்தத் தேதி நடக்காது. உண்மையில் அவள் விடுமுறை நாட்களிலும் ராத்திரிகளிலும் உட்கார்ந்தாள், அச்சகத்தில் அவசரக் கட்டணம் கேட்டார்கள், அதை யார் கொடுப்பது என்பதில்தான் பேச்சு முற்றியது. ஏப்ரல் 17 அன்றே இரண்டு தரப்பும் இந்தக் கணக்கைப் பார்த்திருந்தால், பக்கத்தைக் குறைத்திருக்கலாம், அவசரக் கட்டணத்தை ஒப்புக்கொண்டிருக்கலாம், வேண்டாம் என்றும் விட்டிருக்கலாம்.

புதிய கார்டில் காலக்கெடு ஒரு சிறு பத்தி. வேலை நாள் என்றால் திங்கள் முதல் வெள்ளி, தென்னாப்பிரிக்கப் பொது விடுமுறைகள் நீங்கலாக. டிசம்பர் 16 முதல் ஜனவரி முதல் வாரம் முடியும் வரை வேலை இல்லை. இறுதி உரை, படங்கள், முன்பணம் மூன்றும் வந்து சேர்ந்த நாளுக்கு அடுத்த வேலை நாள்தான் முதல் நாள். மூன்றில் எது கடைசியாக வருகிறதோ அதுதான் கணக்கு. ஐந்தாம் வேலை நாள் மாலை ஐந்து மணிக்குள் முதல் ப்ரூஃப். ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு வேலை நாள். மாலை மூன்றுக்கு மேல் வந்த பட்டியல் அடுத்த வேலை நாளில் வந்த கணக்கு. ப்ரூஃப் கிளையன்ட் கையில் இருக்கும் நாட்கள் அவளுடைய கணக்கில் ஏறாது.

இந்தக் கடைசி வாக்கியம்தான் மிக முக்கியம் என்று நினைக்கிறேன். கிளையன்ட் ஒரு வாரம் ப்ரூஃபை வைத்துக்கொண்டு, பிறகு "நீங்கதானே ஐந்து நாள்னு சொன்னீங்க" என்று கேட்பது எல்லா ஊரிலும் நடக்கிறது. கடிகாரம் இப்போது யார் பக்கம் ஓடுகிறது என்று தெரிந்தால் அந்தக் கேள்வி வராது. ஒவ்வொரு ப்ரூஃபை அனுப்பும்போதும் மின்னஞ்சலின் கடைசி வரியில் "இதற்குப் பட்டியல் திங்கள் மூன்று மணிக்குள் வந்தால் புதன் அடுத்த ப்ரூஃப்" என்று உண்மையான கிழமையோடு எழுதச் சொன்னேன். விதி கார்டில், தேதி மின்னஞ்சலில்.

அவசர வேலைக்கு 50% கூடுதல். எந்த வேலை அவசரம் என்பதையும் எண்ணால்தான் சொன்னோம்: ஐந்துக்குக் குறைவான வேலை நாளில் முதல் ப்ரூஃப் கேட்டாலோ, விடுமுறை நாளில் வேலை செய்ய வேண்டியிருந்தாலோ. அவள் எழுத்தில் ஒப்புக்கொண்டால் மட்டும்.

பணம் எப்போது வந்ததாகக் கொள்வது

"மீதி வேலை முடிந்ததும்" என்ற வரியில் முடிந்தது என்று சொல்லும் உரிமை கிளையன்ட் கையில் போய்விடுகிறது. அவர் அச்சில் பார்த்த பின் என்பார், விழா முடிந்த பின் என்பார். பணம் வரும் நாளை, யாரும் கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு செயலோடு கட்ட வேண்டும். ப்ரூஃபெல்லாம் குறைந்த தரத்தில், குறுக்கே அவள் பெயர் பதித்துப் போகும். கிளையன்ட் எழுத்தில் ஒப்புதல் தந்ததும் மீதி 50%-க்கு இன்வாய்ஸ். அந்தப் பணம் வங்கிக் கணக்கில் ஏறியதும், அச்சுக்கான பிடிஎஃப் அனுப்பப்படும். விழாத் தேதி நெருங்கும்போது இந்த வரிசைதான் பணத்தை வரவைக்கும். நினைவூட்டல் மின்னஞ்சல்கள் அவ்வளவாக வரவைப்பதில்லை.

கணக்கில் ஏறியதும் என்று எழுதியதற்கு இங்கே தனிக் காரணம் உண்டு. பணம் அனுப்பிவிட்டேன் என்று வங்கியின் சான்றைப் படமாக அனுப்புவது இந்த ஊரில் அன்றாட வழக்கம். வேறு வங்கியிலிருந்து வருவது சாதாரணப் பரிமாற்றமாக இருந்தால் ஒருநாள், சில சமயம் அதற்கும் மேலே ஆகும். போலிச் சான்றுகளும் உலவுகின்றன. சான்றை நம்பவில்லை என்று ஒருவர் முகத்துக்கு நேரே சொல்வது கஷ்டம். எல்லோருக்கும் ஒரே விதி என்று கார்டில் இருந்தால் அது யார் மேலும் சந்தேகம் ஆகாது.

நிறுவனங்களோடு வேறு தொல்லை. முப்பது நாள் என்று சொல்வார்கள். இன்வாய்ஸ் தேதியிலிருந்து முப்பதா, மாத இறுதியில் போகும் ஸ்டேட்மென்ட் தேதியிலிருந்து முப்பதா என்று சொல்ல மாட்டார்கள். ஏப்ரல் 3 அன்று கொடுத்த இன்வாய்ஸ், ஏப்ரல் 30 ஸ்டேட்மென்டில் ஏறி, அதிலிருந்து முப்பது நாள் என்றால் மே 30. நடுவில் 57 நாள். புதிய கார்டில் "இன்வாய்ஸ் தேதியிலிருந்து 7 நாட்காட்டி நாள்" என்று இருக்கிறது. நாட்காட்டி நாள் என்று சொல்லக் காரணம், மேலே காலக்கெடுவில் வேலை நாள் என்று வருகிறது; இரண்டும் ஒரே பக்கத்தில் இருக்கும்போது குழம்பக்கூடாது.

"தாமதமானால் 10%" என்ற வரியை முழுவதும் எடுத்துவிட்டோம். ஒருமுறை பத்து சதவீதமா, மாதம் பத்தா? மாதம் பத்து என்றால் அது செல்லவும் செல்லாது. நிலுவைக்கு வட்டி போட்டால் அது இங்குள்ள தேசியக் கடன் சட்டத்தின் பார்வைக்குள் வருகிறது. இப்படிப்பட்ட நிலுவைக்கு மாதம் 2%-தான் உச்சம், அதையும் முன்கூட்டியே தெரிவித்திருக்க வேண்டும். அவள் "7 நாளுக்கு மேல் நிலுவையில் உள்ள தொகைக்கு மாதம் 2%" என்று போட்டுக்கொண்டாள். நாலாயிரம் ராண்டுக்கு மாதம் 80 ராண்ட். இந்த வட்டி யாரையும் பயமுறுத்தாது என்று எனக்கும் தெரியும். கோப்பைக் கையில் வைத்திருப்பதுதான் அவளுடைய பாதுகாப்பு.

டெபாசிட் என்ற சொல்லும் போனது. திருப்பித் தருவதா இல்லையா என்ற சண்டையை அந்தச் சொல்லே கிளப்பிவிடுகிறது. "முன்பணம் 2,400 ராண்ட். இது மாதிரியும் முதல் ப்ரூஃபும் செய்வதற்கான கட்டணம். மாதிரிக்கு முன்பே வேலை ரத்தானால் 500 ராண்ட் கழித்து மீதி திருப்பித் தரப்படும், மாதிரி அனுப்பிய பின் முன்பணத்தில் பாதி, முதல் ப்ரூஃபுக்குப் பின் எதுவும் திரும்பாது" என்று ஆனது. எதற்கான பணம் என்று தெரிந்தால் எதைத் திருப்புவது என்பதும் தெரிந்துவிடும். எந்த நிலையிலும் திருப்பித் தர முடியாது என்று மொட்டையாக எழுதுவது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் முன்னால் நிற்பதும் சந்தேகம். முன்பதிவை ரத்துசெய்தால் நியாயமான அளவு மட்டும்தான் பிடிக்கலாம் என்கிறது அது.

வரி பற்றி ஒரே வரி: அவள் வாட் பதிவு செய்தவள் இல்லை, எனவே கார்டில் உள்ளதே முழு விலை. பதிவு இல்லாதவர் வாட் வசூலிக்கவே கூடாது. பதிவு செய்தவராக இருந்து விலையை மட்டும் போட்டால், 15%-உம் அதற்குள் அடங்கியதாகத்தான் கொள்ளப்படும். எந்தப் பக்கம் இருந்தாலும் எழுதிவிடுவது நல்லது.

யாருடைய டிசைன்

இதைச் சேர்க்க அவள் நினைத்திருக்கவில்லை, நான் சொல்லித்தான் சேர்த்தாள். தென்னாப்பிரிக்காவின் 1978-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, பணம் கொடுத்துச் செய்யச் சொன்ன டிசைனின் உரிமை, எழுதி மாற்றிக் கொடுக்காத வரை, செய்தவரிடமே இருக்கும். ஆனால் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்தின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவருக்கே போகும். அவள் சில வேலைகளில் இரண்டையும் செய்கிறாள். ஒரே பிரோஷரில் பக்க அமைப்பு அவளுடையதாகவும் படங்கள் கமிட்டியுடையதாகவும் இருக்கும் நிலை இப்படித்தான் வருகிறது. "முழுப் பணமும் வந்ததும் அச்சடித்துப் பயன்படுத்தும் அனுமதி கிளையன்டுக்கு, திருத்தக்கூடிய டிசைன் கோப்பு இதில் சேராது, அதற்குத் தனி விலை, படங்களை என் வேலையின் மாதிரியாகக் காட்டும் உரிமை எனக்கு உண்டு" என்று எழுதிவைத்தோம். உரிமையையே முழுதாக மாற்றித் தர வேண்டுமென்றால் கார்டு போதாது. கையெழுத்திட்ட தனித் தாள் வேண்டும், வாட்ஸ்அப் செய்தி அதற்குச் செல்லாது.

இவ்வளவும் ஒரு பக்கத்தில் அடங்குமா என்று கேட்பீர்கள். விலைகள் முன்பக்கம், விதிகள் பின்பக்கம், மொத்தம் ஒரே தாள். கீழே பதிப்புத் தேதியும் எந்த நாள் வரை இந்த விலை செல்லும் என்பதும். கார்டு தானாக ஒப்பந்தம் ஆகிவிடாது. அதனால் ஒவ்வொரு மதிப்பீட்டின் அடியிலும் "2025 ஜூலை பதிப்பு ரேட் கார்டின் விதிகள் இதற்குப் பொருந்தும், வேறுபட்டால் இந்த மதிப்பீடே செல்லும்" என்று போட்டு, கிளையன்டிடம் "ஒப்புக்கொள்கிறேன்" என்று ஒரு பதில் வாங்கிக்கொள்கிறாள். பணத்தகராறு என்று வந்தால் இந்தப் பதில்தான் முக்கியமான தாள். 20,000 ராண்ட் வரை சிறு வழக்கு நீதிமன்றத்துக்குப் போகலாம், அங்கே வக்கீல் வைத்து வாதாட முடியாது. ஆகவே அவளே நின்று விளக்கும் அளவுக்குத் தாள் எளிதாக இருக்க வேண்டும்.

கடைசியில் கார்டை வேறொரு கோயிலின் பொருளாளராக இருக்கும் எங்கள் அத்தையிடம் கொடுத்தோம். படித்துவிட்டு மூடி வைக்கச் சொல்லி, சில கேள்வி கேட்டேன். வெள்ளிக்கிழமை நாலு மணிக்குப் பட்டியல் அனுப்பினால் அடுத்த ப்ரூஃப் என்றைக்கு? புதிதாக ஒரு விளம்பரம் வந்தால் அது எந்தச் சுற்றில் சேரும்? நான்காவது சுற்றுக்கு எவ்வளவு? முதல் கேள்விக்கு அத்தை கொஞ்சம் யோசித்து, விரல் விட்டு எண்ணி, "திங்கள் வந்த கணக்கு, செவ்வாய் ஒண்ணு, புதன் ரெண்டு. புதன்" என்றார். மற்ற இரண்டுக்கும் உடனே சரியாகச் சொன்னார். ஒரே இடத்தில்தான் தடுமாறினார். ஒப்புதல் தந்த பிறகு, பணம் அனுப்பும் முன்னால் ஒரு பெயர் தப்பு என்று தெரிந்தால் என்ன செய்வது என்று அவரே கேட்டார். கார்டில் அதற்குப் பதில் இல்லை. தப்பு யாருடையது என்பதைப் பொறுத்து, இறுதி உரைக்கோப்பை வைத்தே முடிவு செய்வோம். அவளுடையது என்றால் இலவசம், இல்லையென்றால் ஒரு சுற்றின் விலை என்று அங்கேயே ஒரு வரி சேர்த்துவிட்டு, அச்சுக்கு அனுப்பினோம்.